லீவு மெசேஜில் தேதி தப்பாகிவிட்டால்: எடிட்டா, அழிப்பா, திருத்த மெயிலா, போனா?

ஆடி பிறந்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கத்து ஆபீஸ்களில் லீவு மெசேஜ்கள் வரிசையாக வரும். அம்மன் கோயில் கொடை விழா பெரும்பாலும் செவ்வாயில் விழுவதால் திங்களும் செவ்வாயும் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். விடுப்புப் பதிவேடு பார்க்கிற வேலையில் இருப்பதால், இந்த மாதத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி லீவு கிடைக்குமா என்பதில்லை. "அனுப்பினதுல தேதி தப்பாப் போச்சு. இப்ப என்ன செய்யட்டும்? எடிட் பண்ணிரட்டுமா, அழிச்சுட்டு வேற போடட்டுமா, சாருக்குப் போன் பண்ணட்டுமா?" என்பதுதான்.

கேட்பவர்களின் பயமும் ஒன்றுதான். தப்பு வெளியே தெரிந்தால், இவன் எழுதுவதை எதை நம்புவது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் முதலில் கை போவது, சத்தமில்லாமல் சரிசெய்யும் வழிக்கு. ஆனால் நான் பார்த்தவரை தேதியைத் தப்பாக எழுதியதற்காக யாரும் பெயர் கெடுவதில்லை. தப்பான தேதியை நம்பி இன்னொருவர் ஒரு ஏற்பாடு செய்து, திருத்தம் அவருக்குப் போய்ச் சேராமல், அவர் அன்றைக்கு மாட்டிக்கொள்ளும்போதுதான் பெயர் கெடுகிறது. கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்தக் கணக்கில்தான் போகிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, பழைய மெசேஜைப் படித்துவிட்டு ஏற்கெனவே ஏதாவது செய்துவிட்டவருக்கு இந்தத் திருத்தம் போய்ச் சேருமா? படித்தவர் வேறு, படித்து அதன்படி நடந்தவர் வேறு. இருபது பேர் உள்ள குரூப்பில் பதினெட்டுப் பேர் தேதியைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். மீதி இரண்டு பேர்தான் முக்கியம்.

இரண்டாவது, பழைய தேதி என்ன, புதிய தேதி என்ன என்பது ஒரே இடத்தில் பதிவாக இருக்குமா? பத்து நாள் கழித்து "நீ 6-ஆம் தேதிதானே லீவு சொன்னே?" என்று யாராவது கேட்டால், காட்டுவதற்கு ஒன்று வேண்டும்.

மூன்றாவது, இது வெறும் தகவலா, புதிதாக அனுமதி கேட்பதா? இரண்டு நாள் விடுப்பு இரண்டு நாளாகவே இருந்து தேதி மட்டும் நகர்ந்தாலும், அனுமதி கொடுத்தவர் பழைய தேதிக்குத்தான் கொடுத்திருக்கிறார். நாள் கூடினால் அது திருத்தமே இல்லை, புது விண்ணப்பம். குறைந்தால் மட்டும் தகவல் சொன்னால் போதும். அதுகூட, உங்களுக்குப் பதிலாக வேலை பார்க்க ஒத்துக்கொண்டவருக்கும் சேர்த்துச் சொன்னால்தான்.

## ஒரு நிலைமையை வைத்துப் பார்ப்போம்

திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். ஆடி மூன்றாம் செவ்வாய் ஊரில் கொடை. 2024-இல் அது ஆகஸ்ட் 6. அதற்கு ஆகஸ்ட் 5 திங்கள், 6 செவ்வாய் லீவு எடுத்து, 7 புதன் வந்தாள். 2025-இல் ஆடி மூன்றாம் செவ்வாய் ஆகஸ்ட் 5. ஜூலை 28 திங்கள் காலையில், போன வருஷ மெயிலை எடுத்து வருஷத்தை மட்டும் மாற்றி, "ஆகஸ்ட் 5 திங்கள், 6 செவ்வாய் விடுப்பு. 7 புதன் வேலைக்கு வருவேன்" என்று அனுப்பிவிட்டாள். மேனேஜருக்கு மெயில், ஆபீஸ் குரூப்பில் வாட்ஸ்அப், ஜிமெயிலில் தானாகப் போகும் பதில், அட்டெண்டன்ஸ் போர்ட்டலில் விண்ணப்பம் என நாலு இடத்திலும் அதே தப்பு.

கிழமை எல்லாம் சரி, தேதி எல்லாம் ஒன்று தள்ளிப்போயிருக்கிறது. இந்த வகைத் தப்புதான் அதிகம் ஆபத்தானது. கிழமையைப் பார்க்கிறவர் சரியான நாளை எடுத்துக்கொள்வார், தேதியைப் பார்க்கிறவர் தப்பான நாளை எடுத்துக்கொள்வார், இரண்டு பேருமே தாங்கள் புரிந்துகொண்டதுதான் சரி என்று இருப்பார்கள். முரண் கண்ணில் பட்டவர் மட்டுமே கேட்பார். பெரும்பாலும் யார் கண்ணிலும் படாது.

அவள் கவனித்தது ஜூலை 31 வியாழன் மத்தியானம். அதற்குள் மூன்று காரியம் நடந்துவிட்டது. பக்கத்து சீட்டு அக்கா 5, 6 தேதிகளில் இவள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டு, அதற்கு ஈடாகத் தனக்கு 4-ஆம் தேதி திங்கள் லீவு போட்டுவிட்டார். ஜூலை மாத டிடிஎஸ் ஆகஸ்ட் 7-க்குள் கட்ட வேண்டும் என்பதால், இவள் வருவதே 7-ஆம் தேதிதானே என்று மேனேஜர் அந்த வேலையை வேறு ஒரு தம்பியிடம் ஒப்படைத்துவிட்டார். போர்ட்டலில் 5, 6 இரண்டு நாளும் அனுமதி ஆகிவிட்டது.

இனி ஒவ்வொரு வழியாக.

## வழி 1: பழைய மெசேஜையே எடிட் செய்வது

வாட்ஸ்அப்பில் அனுப்பி 15 நிமிஷம் வரைதான் எடிட் செய்ய முடியும். செய்தால் மெசேஜின் ஓரத்தில் Edited என்று காட்டும். என்ன மாற்றினோம் என்று காட்டாது. எடிட் செய்ததற்காக மற்றவர் போனில் மணி அடிக்காது.

இந்தக் கடைசி விஷயம்தான் இதன் மறைந்த செலவு. முதல் நிமிஷத்திலேயே படித்து, தலைக்குள் 5, 6 என்று குறித்துக்கொண்டவர் திரும்ப அந்த மெசேஜைத் திறந்து பார்க்கப் போவதில்லை. அனுப்பியவருக்கோ திரையில் சரியான தேதி தெரிவதால் காரியம் முடிந்த மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடும். பிறகு தகராறு வந்தால் இன்னும் மோசம். "நான் 4-ஆம் தேதினுதானே போட்டிருந்தேன்" என்று நீங்கள் காட்ட, அவர் பார்த்தது 5 என்று அவருக்கு நன்றாகத் தெரியும், ஓரத்தில் Edited என்றும் நிற்கும். நேர்மையாகத் திருத்தியதுகூட அந்த இடத்தில் மறைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

இது சரியாக வருவது ஒரே ஒரு நிலைமையில்: யாரும் இன்னும் படிக்கவில்லை என்று உறுதியாகத் தெரியும்போது. குரூப் மெசேஜை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று பட்டியல் வரும். தனி அரட்டையில் நீலக் குறியை அணைத்து வைத்திருப்பவர்கள்கூட குரூப்பில் இந்தப் பட்டியலில் தெரிவார்கள். பட்டியல் காலியாக இருந்தால் தாராளமாக எடிட் செய்யலாம். ஒரு பெயர் இருந்தாலும், எடிட் செய்துவிட்டுக் கீழே "தேதியைத் திருத்தியிருக்கிறேன், 4, 5 என்று பார்க்கவும்" என்று புதிதாக ஒரு வரி போட வேண்டும். அந்தப் புது வரிக்குத்தான் மணி அடிக்கும்.

நம் நிலைமையில் மூன்று நாள் ஆகிவிட்டது. இந்த வழி அடைபட்டுப்போயிற்று.

## வழி 2: அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது

எல்லாருக்கும் அழிக்கும் வசதிக்கு வாட்ஸ்அப் இரண்டு நாளும் சொச்சமும் தருகிறது. அழித்த இடத்தில், ஒரு மெசேஜ் நீக்கப்பட்டது என்ற குறிப்பு நிற்கும். மெயிலில் இதற்கு இடம் இன்னும் குறைவு. ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 விநாடி. அதுவும் செட்டிங்கில் மாற்றி வைத்திருந்தால்தான், இல்லையென்றால் 5 விநாடி. அவுட்லுக்கில் திரும்பப் பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள் போன மெயிலுக்கு மட்டுமே. வெளியே இருக்கும் ஆடிட்டருக்கோ பார்ட்டிக்கோ போனது போனதுதான்.

அழிப்பதில் நான் காணும் குறை இரண்டு. ஒருவர் அதை ஏற்கெனவே வேறு குரூப்புக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பிரதி அப்படியே இருக்கும்; இப்போது மூலம் இல்லாததால் அந்தத் தப்புப் பிரதிதான் சாட்சி. இன்னொன்று, நீக்கப்பட்ட மெசேஜ் என்ற குறிப்பைப் பார்க்கிறவர்களுக்குக் கேள்வி எழும். தேதி தப்பு என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள், லீவே வேண்டாம் என்று எடுத்துவிட்டாள் போல என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைத்து ஏற்பாட்டைக் கலைத்துவிட்டால் அது இரண்டாவது சேதம்.

தப்பு தேதியில் இல்லாமல் வேறு விஷயத்தில் இருக்கும்போது அழிப்பதுதான் சரி. மருத்துவக் காரணத்தை விவரமாக எழுதிவிட்டீர்கள், அல்லது மருத்துவச் சீட்டின் படத்தை மேனேஜருக்கு அனுப்புவதற்குப் பதில் குரூப்பில் போட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் அழித்துவிடுங்கள். அங்கே பழையது தெரிவதுதான் கேடு.

## வழி 3: அதே மெயிலுக்குப் பதிலாகத் திருத்தம்

என் பார்வையில் பெரும்பாலான நேரம் இதுதான் சரியான வழி. பழைய மெயிலைத் திறந்து, "எல்லாருக்கும் பதில்" கொடுத்து, பொருள் வரியில் திருத்தம் என்பதையும் சரியான தேதியையும் போட்டு அனுப்புவது. பழையது கீழே இருக்கும், புதியது மேலே இருக்கும், முதலில் யார் யாருக்குப் போனதோ அவர்களுக்கே போகும். ஜிமெயிலில் பொருள் வரியை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். ஆனாலும் பழைய மெயில் மேற்கோளாகக் கீழே வருவதால் பரவாயில்லை. பொருளை மாற்றாமல் விட்டால்தான் சிக்கல். பட்டியலில் பழைய தலைப்பைப் பார்த்து, "ஆமா, லீவு சொன்னது தெரியுமே" என்று திறக்காமல் விட்டுவிடுவார்கள்.

நம் நிலைமைக்கு எழுதினால் இப்படி இருக்கும்:

> பொருள்: திருத்தம்: விடுப்பு ஆகஸ்ட் 4, 5 (5, 6 அல்ல)
>
> வணக்கம் சார்,
>
> 28-ஆம் தேதி நான் அனுப்பிய மெயிலில் விடுப்புத் தேதிகளைத் தவறாக எழுதிவிட்டேன். போன வருஷ மெயிலைப் பார்த்து எழுதியதில் நேர்ந்தது.
>
> தவறாக எழுதியது: ஆகஸ்ட் 5 திங்கள், 6 செவ்வாய். 7 வருவேன்.
> சரியானது: ஆகஸ்ட் 4 திங்கள், 5 செவ்வாய். 6 புதன் காலை வருவேன்.
>
> விடுப்பு அதே இரண்டு நாள்தான். இந்தத் தேதிகளுக்கு உங்கள் அனுமதி வேண்டும்.
>
> 4-ஆம் தேதி அக்காவும் விடுப்பில் இருப்பதால் அன்றைய வங்கி வேலைக்கு ஆள் இல்லாமல் போகிறது. அக்காவிடம் பேசிவிட்டேன்; வங்கிச் சீட்டுகளை 2-ஆம் தேதி சனிக்கிழமையே எழுதித் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் திங்கள் காலை கட்டிவிடுவார். டிடிஎஸ் 6-ஆம் தேதி நானே கட்டிவிட முடியும். தம்பியிடமே இருக்கட்டும் என்றாலும் சரி, சொல்லுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, தப்பான தேதியையும் எழுதியிருப்பது. பலருக்கு இதில்தான் மனசு வராது. சரியான தேதியை மட்டும் போட்டு "தயவுசெய்து கவனிக்கவும்" என்று முடித்துவிடுவார்கள். அப்படி எழுதினால் படிப்பவருக்கு எது மாறியது என்று தெரியாது, பழையதைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவர் தேடமாட்டார். தவறு, சரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒரு பார்வையில் முடிந்தது.

காரணம் ஒரே வரி. அந்த ஒரு வரியும், தப்பு எந்தத் தேதியோடு நின்றது என்று படிப்பவருக்குப் புரிவதற்காகத்தான். வீட்டில் வேலை அதிகம், தலைவலி, கரண்ட் இல்லை என்று நாலு வரி எழுதினால் திருத்தம் அதற்குள் புதைந்துபோகும். மன்னிப்பும் அப்படித்தான். கேட்டே ஆக வேண்டும் என்றால், உண்மையில் சிரமப்பட்டவரிடம் கேட்க வேண்டும். இங்கே அது அக்கா.

மறைந்த செலவு இதற்கும் உண்டு. எல்லாருக்கும் தப்பு தெரிந்துவிடும். அந்தச் சங்கடம் அரை நாள்தான் இருக்கும். இன்னொன்று, மெயிலை அனுப்பியதாலேயே யாரும் படித்துவிட்டதாக அர்த்தமில்லை. விடுப்பு இன்னும் இரண்டு வேலை நாளுக்குள் என்றால் மெயிலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

## வழி 4: முதலில் போன், பிறகு எழுத்து

வியாழன் மத்தியானம் கவனித்த தப்பு, திங்கள் காலை ஆரம்பிக்கும் விடுப்பு. நடுவே வெள்ளி, சனி இரண்டே வேலை நாள். இங்கே மெயிலுக்கு முன்னால் இரண்டு போன் வேண்டும்.

யாருக்கு முதலில் என்பதில் ஆபீஸுக்கு ஆபீஸ் வழக்கம் மாறும். என் எண்ணம், ஏற்பாடு உடைகிறவருக்கு முதலில். அக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, நான் தேதி தப்பாப் போட்டுட்டேன். எனக்கு லீவு நாலும் அஞ்சும். நீங்க நாலாம் தேதி லீவு போட்டிருக்கீங்கல்லா, உங்களுக்கு அது மாத்த முடியாத வேலையா?" என்று கேட்பது. அவர் என்ன சொல்கிறாரோ அதைத் தெரிந்துகொண்டு மேனேஜரிடம் போனால், தப்பை மட்டும் கொண்டுபோகாமல் அதனால் விழும் ஓட்டை எங்கே என்பதையும் சேர்த்துக் கொண்டுபோகிறோம். ஆனால் அக்காவிடமே பேசி முடித்து, "நாங்க பாத்துக்கிட்டோம் சார்" என்று பிறகு சொல்வது கூடாது. யார் லீவு எந்த நாளில் என்பதை முடிவு செய்வது மேனேஜர். இரண்டு போனும் பத்து நிமிஷத்துக்குள் முடிய வேண்டும்.

மேனேஜரிடம் பேசும்போது முதல் வாக்கியத்திலேயே தேதி வந்துவிட வேண்டும். "சார், என் லீவு தேதி தப்பாப் போயிருக்கு, 5, 6 இல்ல, 4, 5." சுற்றி வளைத்தால் அவர் மனசு ஏதோ பெரிய விஷயம் என்று ஓடிவிடும், தேதி காதில் விழாது.

போனில் மட்டும் சொல்லி விடுவதுதான் இந்த வழியின் படுகுழி. வெள்ளிக்கிழமை பரபரப்பில் "சரிம்மா" என்று சொன்னவருக்குத் திங்கள் காலை அது நினைவில் இருக்காது. அவர் கையில் இருப்பது தப்பான மெயில் மட்டும்தான். அதனால் போனை வைத்ததும் வழி 3-இல் உள்ள மெயில் போக வேண்டும், "இப்போது போனில் சொன்னபடி" என்ற வரியோடு.

விடுப்பு நாளைக்கே என்றாலோ, ஆள் வராமல் ஒரு வேலை நின்றுபோகும் என்றாலோ, மேனேஜர் மெயில் பார்க்காதவர் என்றாலோ இந்த வழியைத் தவிர வேறு வழி கிடையாது. கடை முதலாளி அண்ணாச்சியிடம் நேரில் கேட்டு வாங்கிய லீவு என்றால் நேரில் போய்ச் சொல்வதே முறை. ஆனாலும் அன்று இரவு ஒரு மெசேஜ் போட்டு வைத்துவிடுங்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | ஏற்பாடு செய்தவருக்குச் சேருமா | பதிவு இருக்குமா | எப்போது நல்லது |
|---|---|---|---|
| எடிட் | சேராது | பழையது மறைந்துவிடும் | 15 நிமிஷத்துக்குள், யாரும் படிக்காதபோது |
| அழிப்பு | சேராது, குழப்பும் | பழையது போய்விடும் | சொல்லக் கூடாத விவரம் வெளியே போனபோது |
| திருத்த மெயில் | படித்தால் சேரும் | முழுப் பதிவு | விடுப்புக்கு இரண்டு வேலை நாளுக்கு மேல் இருக்கும்போது |
| போன், பிறகு மெயில் | உறுதியாகச் சேரும் | மெயில் போனால் மட்டும் | நேரம் குறைவாக இருக்கும்போது, இன்னொருவர் ஏற்பாடு உடையும்போது |

## போர்ட்டலும் தானாகப் போகும் பதிலும்

மேலே சொன்ன எந்த வழியை எடுத்தாலும் இந்த இரண்டும் தனியாகத் திருத்தப்பட வேண்டும். மனுஷர்களிடம் சொல்லி முடித்ததும் வேலை முடிந்தது என்று விடுவதால்தான் இங்கே சறுக்குகிறார்கள்.

ஜிமெயிலில் தானாகப் போகும் பதிலில் தேதி இரண்டு இடத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதிய வாசகத்தில் ஒன்று, அது எந்த நாள் முதல் எந்த நாள் வரை வேலை செய்ய வேண்டும் என்ற கட்டத்தில் ஒன்று. வாசகத்தை மட்டும் திருத்தி கட்டத்தை விட்டுவிட்டால், 4-ஆம் தேதி முழுக்க எழுதியவர்களுக்கு ஒரு பதிலும் போகாது. 6-ஆம் தேதி நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது விடுப்பில் இருப்பதாகப் பதில் போய்க்கொண்டிருக்கும். கடைசி நாள் என்று போடும் தேதி அன்று இரவு 11:59 வரை அது ஓடும்.

விடுப்புக்கு நடுவில்தான் வாசகத்தில் தப்பு என்று கண்டால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஆளுக்கு ஜிமெயில் திரும்பத் திரும்பப் பதில் அனுப்பாது. நாலு நாள் கழித்து அவர் மறுபடி எழுதினால்தான் அனுப்பும். ஆனால் வாசகத்தைத் திருத்தினால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். தப்பான பதில் போனவர் திருத்தத்துக்குப் பிறகு மறுபடி எழுதினால் புதிய பதில் கிடைக்கும். அவர் எழுதவில்லை என்றால் கிடைக்காது. ஆகவே இன்பாக்ஸைத் திறந்து, தப்பான பதில் போயிருக்கக்கூடிய வெளியாட்களைப் பார்த்து, அவர்களுக்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும்: "நேற்று உங்களுக்குத் தானாக வந்த பதிலில் நான் திரும்பும் நாள் 7 என்று இருந்திருக்கும். சரியான நாள் ஆகஸ்ட் 6 புதன்."

போர்ட்டலில் அனுமதி ஆனதைப் பெரும்பாலும் திருத்த முடியாது. ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடத்தான் முடியும். இதில் வரிசை முக்கியம். முதலில் முழுவதையும் ரத்து செய்துவிட்டு, புது விண்ணப்பம் அனுமதிக்குக் காத்திருக்கும்போது மேனேஜர் வெளியூர் போய்விட்டால், 4, 5 இரண்டு நாளும் சொல்லாமல் வராத நாளாகக் கணக்கில் ஏறும். நம் நிலைமையில் 5 எப்படியும் அனுமதி ஆன நாள். அதனால் 4-க்கு மட்டும் தனி விண்ணப்பம் போட்டு, அது அனுமதி ஆனபின் 6-ஐ ரத்து செய்வது நல்லது. ஒரு பகுதியை மட்டும் ரத்து செய்ய விடாத போர்ட்டல் என்றால், மேனேஜர் கணினி முன்னால் இருக்கும் நேரம் கேட்டு, அப்போதே ரத்தும் புது விண்ணப்பமும் செய்துவிட வேண்டும்.

தாளில் எழுதிக் கொடுக்கும் அலுவலகங்களில் இது வேறு மாதிரி. விண்ணப்பம் இன்னும் உங்கள் கையில் இருந்தால் தப்பான தேதியை ஒரு கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போடலாம். எண்ணின் மேலேயே அழுத்தி 5-ஐ 4 ஆக்குவது கூடாது. எப்போது யார் மாற்றியது என்ற சந்தேகம் அதில் எப்போதும் இருக்கும். அனுமதி ஆகிவிட்ட தாளைத் தொடவே கூடாது. புதுக் கடிதம் எழுதி, "பார்வை" என்ற இடத்தில் "எனது 28.07.2025 நாளிட்ட விடுப்பு விண்ணப்பம்" என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். மருத்துவச் சான்றிதழில் தேதி தப்பு என்றால் அதை டாக்டர்தான் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்துப் பிழைதானே என்று நீங்கள் திருத்தினால் சான்றிதழே செல்லாமல் போகும்.

## திருத்தத்தோடு இன்னொன்றைச் சேர்க்கும் ஆசை

கொடை என்றால் திங்கள் சாயங்காலம் குடியழைப்பு, செவ்வாய் மத்தியானக் கொடை, ராத்திரி சாமக் கொடை. சாமக் கொடை முடிந்து படுக்கும்போது புதன் விடிந்துவிடும். சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து டவுனுக்குக் காலை ஒன்பதரைக்கு வந்து உட்காருவது லேசில்லை. திருத்தம்தான் எழுதுகிறோமே, அதிலேயே 4, 5, 6 என்று போட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். பழைய மெயிலிலும் 6 இருந்ததுதானே, யாருக்கும் வித்தியாசமாகப் படாது என்ற ஒரு சமாதானமும் கூடவே வரும்.

இந்த இடத்தில்தான் நம்பிக்கை உண்மையாகவே போகும். இரண்டு நாள் மூன்று நாள் ஆனது மேனேஜருக்கு அன்றைக்குத் தெரியாவிட்டாலும் பதிவேட்டில் தெரியும். அதன் பிறகு நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்தையும் அவர் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார். புதன் காலை அரை நாள் வேண்டும் என்றால் அதை வேறாகக் கேளுங்கள். திருத்த மெயிலில் "விடுப்பு அதே இரண்டு நாள்தான்" என்று முடித்துவிட்டு, இன்னொரு மெயிலில் அல்லது நேரில், "6 புதன் முற்பகல் மட்டும் அனுமதி கிடைக்குமா சார்? மதியம் வந்து டிடிஎஸ் கட்டிவிடுவேன்" என்று கேட்கலாம். இல்லை என்று சொல்லும் உரிமை அவரிடம் இருக்க வேண்டும். கேள்வியைத் திருத்தத்துக்குள் ஒளித்தால் அந்த உரிமையைப் பறித்த மாதிரி ஆகிறது.

நிஜமாகவே நிலைமை மாறும் நேரமும் உண்டு. கொடை நாளையே ஊர்க்கூட்டத்தில் ஒரு வாரம் தள்ளி வைத்துவிடுவார்கள். அது உங்கள் தப்பு இல்லை, ஆகவே திருத்தம் என்று எழுதாதீர்கள். "தேதி மாற்றம்: கொடை 12-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனதால்" என்று எழுதுங்கள். செய்யாத தப்பை ஏற்றுக்கொண்டால் பணிவாகத் தெரியலாம், ஆனால் பதிவில் நீங்கள் இரண்டு தடவை தேதி தப்பாக எழுதியவராக நிற்பீர்கள்.

## அனுப்புவதற்கு முன்னும் மாதக் கடைசியிலும்

திருத்தத்திலேயே இன்னொரு தப்பு வந்துவிட்டால் அதை மூன்றாவது மெசேஜால் சரிசெய்வது கடினம். எது கடைசி என்று யாருக்கும் தெரியாது. அதனால் அனுப்பும் முன் காலண்டரைத் திறந்து வைத்து, ஒவ்வொரு தேதிக்கும் கிழமையை விரலால் தொட்டுப் பாருங்கள். நினைவிலிருந்து கிழமை போடாதீர்கள். அதையும் மீறித் தப்பு வந்துவிட்டால் பழைய இரண்டையும் விவரிக்க வேண்டாம். "முந்தைய இரண்டு மெயிலையும் விட்டுவிடவும்" என்று ஆரம்பித்து முழுத் தகவலையும் புதிதாக எழுதி, உடனே போனும் செய்துவிடுங்கள்.

அப்புறம், ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் விடுப்புக் கணக்கைப் பாருங்கள். போர்ட்டலில் 5, 6 என்றே இருந்துவிட்டால் 4-ஆம் தேதிக்குச் சம்பளப் பிடித்தம் ஆகியிருக்கும், 6-ஆம் தேதி கைரேகை வைத்து வேலை பார்த்த நாளுக்கு உங்கள் விடுப்பிலிருந்து ஒன்று கழிந்திருக்கும். இரண்டும் சேர்ந்தே வரும், கண்டுபிடிக்க அதுதான் அடையாளம். அப்போது அந்தத் திருத்த மெயிலை இணைத்து, 4, 6 இரண்டு தேதியையும் குறிப்பிட்டு கணக்குப் பிரிவுக்கு அனுப்பினால் அடுத்த மாதச் சம்பளத்தில் சரிசெய்யக் கேட்கலாம்.